சர்க்கரைக்காரிக்கு ஏன் குளுக்கோஸ்?

நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் நடத்துவது என் வேலை. வாரத்தில் சில நாள் வகுப்பறை, மற்ற நாட்களில் திருச்சியில் ஒரு மருத்துவமனையின் வார்டுகள். அன்று காலை மூன்றாம் ஆண்டு மாணவிகள் நான்கு பேரோடு அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, பாலக்கரையில் ஒரு பெண்கள் விடுதியிலிருந்து ஓர் இளம்பெண்ணை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். உடன் வந்த அறைத்தோழி, இரண்டு நாளாக வாந்தி, வயிற்றுவலி, காலையிலிருந்து கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை என்றாள்.

அந்தப் பெண் வாயைத் திறந்து ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நாக்கு காய்ந்து ஒட்டியிருந்தது. அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை மூச்சில் வந்தது. ஸ்ட்ரெச்சர் தள்ளிவந்தவர் என் காதருகே, எதையோ குடிச்சிருக்கு மேடம் என்று முணுமுணுத்தார். மாணவிகளின் முகத்திலும் அதே சந்தேகம். அறைத்தோழியைப் பார்த்தார்கள், அவள் பயந்துபோய்ச் சுவரோடு ஒதுங்கினாள்.

விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தபோது எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது என்று மட்டும் காட்டியது. சிறுநீரில் கீட்டோன் நிறைய இருந்தது. ரத்தத்தில் அமிலம் ஏறியிருப்பதைப் பரிசோதனை உறுதிசெய்ததும், டாக்டர் சர்க்கரை நோயால் வரும் கீட்டோ அமிலத்தன்மை என்று எழுதினார்.

லால்குடியிலிருந்து அவளுடைய அப்பா பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். வயல்வேலை செய்து கறுத்த மனிதர். மகளைப் பார்த்ததும் அழவில்லை. சுற்றி நின்ற எங்களைத்தான் ஒவ்வொருவராகப் பார்த்தார். பெண்ணுக்குச் சர்க்கரை உண்டா என்று டாக்டர் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க. ஆஸ்டல்ல என்னத்தையோ கலந்து குடுத்திருக்காங்க. போலீசுக்குப் போகணும்" என்றார்.

அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. உடை மாற்றியபோது அவள் தொடைகளில் ஊசி குத்திய இடங்கள் தடித்திருந்ததைப் பார்த்திருந்தேன். ஒரு தகப்பன் இதை ஏன் மறைக்க வேண்டும்? ஊசியை நிறுத்தச் சொன்னவரே இவர்தானோ என்றுகூட நினைத்தேன். பார்த்ததை டாக்டரிடம் சொன்னேன். அப்பா சொல்வதையும் சொல்லாததையும் வைத்து நாங்கள் காத்திருக்க முடியாது, சிகிச்சை தொடங்கிவிட்டது.

முதலில் சலைன். உடம்பிலிருந்த நீரெல்லாம் சிறுநீராகவும் வாந்தியாகவும் போயிருந்தது. இன்சுலினை ஏன் உடனே போடவில்லை என்று ஒரு மாணவி கேட்டாள். பொட்டாசியம் முடிவு வரட்டும் என்றேன். இன்சுலின் பொட்டாசியத்தையும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகும். ஏற்கெனவே குறைவாக இருந்தால் இதயத் துடிப்பே தடுமாறிவிடும். முடிவு வந்தது, பாதுகாப்பான அளவுதான். ஆனால் இன்சுலின் போட்டால் அது குறையும் என்பதாலும், சிறுநீர் நன்றாகப் போவதாலும் சலைனோடு பொட்டாசியம் சேர்த்தார்கள். அதன் பிறகே இன்சுலினைப் பம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியதும் மாணவிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். ஒருத்தி மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும். ஒருத்தி நாடி, ரத்த அழுத்தம், மூச்சு. மானிட்டரில் இதயத் துடிப்பின் கோடு மாறுகிறதா என்றும் கவனிக்க வேண்டும். இன்னொருத்தி உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் சிறுநீரையும் அளந்து எழுத வேண்டும். நான்காமவள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். தலைவலி என்றாலோ, தெளிந்த பிறகு மறுபடி மயங்கினாலோ, மூளையில் வீக்கமாக இருக்கலாம், உடனே சொல்ல வேண்டும்.

அப்பாவைக் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள். மாணவிகள் கையில் எதை எடுத்தாலும் அவர் கண் கூடவே போனது. படிக்கிற பிள்ளைகளை வைத்து என் மகளிடம் சோதனை பண்ணுகிறீர்களா என்று ஒருமுறை கேட்டார். வேலை செய்வது ஸ்டாஃப் நர்ஸ்தான், இவர்கள் கூட இருந்து கற்றுக்கொள்கிறார்கள் என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

பிற்பகலில் சர்க்கரை இருநூறை ஒட்டி இறங்கியது. டாக்டர் சொன்னபடி ஸ்டாஃப் நர்ஸ் புதிய பாட்டில் ஒன்றை மாட்டினார். அது என்ன பாட்டில் என்று அப்பா அருகில் நின்ற மாணவியைக் கேட்க, அவள் குளுக்கோஸ் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவர் எழுந்து வந்து டியூபைக் கையில் பிடித்து மடக்கிவிட்டார்.

"பன்னெண்டு வயசுலேர்ந்து சர்க்கரை இருக்குற புள்ளைக்கு குளுக்கோஸ் ஏத்துறீங்களே, கொல்லவா பாக்குறீங்க?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. டியூப் மட்டும் அவர் கையிலேயே இருந்தது.

"ஐயா, அதை விட்டுட்டுக் கேளுங்க. பிடிக்கலைன்னா அப்புறம் டாக்டரையே கூப்பிடுறேன்" என்றேன்.

அவருக்கும் மாணவிகளுக்கும் சேர்த்தே சொன்னேன். இவளுக்கு ஆபத்து சர்க்கரையால் மட்டும் இல்லை. இன்சுலின் இல்லாததால் ரத்தத்தில் இருந்த சர்க்கரை செல்லுக்குள் போகவில்லை. பசித்த உடம்பு கொழுப்பைக் கரைத்தது, அதில் கீட்டோன் சேர்ந்தது, ரத்தம் அமிலமானது. அந்த அமிலத்தை வெளியேற்றத்தான் இவள் இப்படி மூச்சு வாங்கினாள். பழ வாடையும் அதனால்தான். சர்க்கரை சீக்கிரம் இறங்கிவிடும், அமிலம் மெதுவாகத்தான் போகும். அது போகும்வரை இன்சுலினை நிறுத்தக் கூடாது. நிறுத்தாமல் கொடுத்தால் சர்க்கரை ஒரேயடியாக விழுந்துவிடும். விழாமல் தாங்கத்தான் குளுக்கோஸ்.

சர்க்கரை குறைந்ததும் இன்சுலினை நிறுத்திவிடலாமா என்று கேட்க இருந்த மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா டியூபை விட்டார். ஆனாலும் பாட்டிலின் எழுத்துக்களைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

மாலைக்குள் அவள் நன்றாகத் தெளிந்துவிட்டாள். ஊசியை நிறுத்தினாயா என்று அவளைத் தனியாகக் கேட்டேன். ஒரு வேளைகூட விடவில்லை என்றாள். எனக்கு அதுவும் சந்தேகமாக இருந்தது. மருந்து எங்கே வைத்திருந்தாய் என்றேன்.

"ஃப்ரீசர்ல, மேடம். ஐஸ் தட்டுக்குப் பின்னாடி கவர்ல சுத்தி. உறையூர்ல மாப்பிள்ளை பாத்திருக்காங்க. ஆஸ்டல்ல தெரிஞ்சா சேதி அங்க வரைக்கும் போயிடும்னு அப்பா பயந்தாரு. சுகர் பாக்குற மிஷினையும் வீட்டுலேயே விட்டுட்டு வரச் சொன்னாரு."

உறைந்த மருந்தை உள்ளங்கையில் வைத்துக் கரைத்துப் போட்டிருக்கிறாள். அறைத்தோழியிடம் சொல்லி அதைக் கொண்டுவரச் செய்தேன். உருட்டினால் பால்போல ஒரே சீராகக் கலங்க வேண்டிய மருந்து அது, எவ்வளவு உருட்டினாலும் கலங்கவில்லை. வெள்ளைத் துணுக்குகள் குப்பியின் கண்ணாடியில் ஒட்டியபடியே இருந்தன. உறைந்த இன்சுலின் வேலை செய்யாது, கரைந்தாலும் தூக்கி எறிய வேண்டியதுதான் என்று மாணவிகளுக்குக் காட்டினேன்.

அதை அப்பாவின் கையிலும் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவரை நான் சந்தேகித்ததும் பாதி தப்பு. ஊசியை நிறுத்தச் சொன்னவர் இல்லை, ஒளிக்கச் சொன்னவர்.

"விஷம் வெச்சவங்க யாருமில்லையா?" என்றார் மெதுவாக.

இல்லை என்றேன்.

அமிலம் முழுக்கக் குறைந்து அவள் இட்லி சாப்பிடத் தொடங்கியதும், பம்பை உடனே நிறுத்தாமல், தோலுக்கடியில் போடும் ஊசியை முதலில் கொடுத்து, அது வேலை செய்யும்வரை இரண்டையும் சேர்த்து ஓடவிட்டார்கள். இடையில் இன்சுலின் இல்லாத நேரம் வந்தால் எல்லாம் மறுபடி தொடங்கிவிடும். அந்த ஊசியை அவளே போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே போன் பண்ணிச் சொல்லிவிடப்போவதாக அப்பாவிடம் சொன்னாள். அவர் எழுந்து வெளியே போனார்.

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அவளே பிறகு பரிசோதனைக்கு வந்தபோது சொன்னாள், பெரிய வருத்தம் இல்லாமல். அப்பாவும் வந்திருந்தார். புது மருந்தை மருந்துக்கடைக்காரர் ஐஸோடு கட்டிக் கொடுக்க, இது நேராக ஐஸில் படுகிறதே, வீடு போய்ச் சேருவதற்குள் உறைந்துவிடாதா என்று அவரிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் நடுவில் ஒரு துண்டுத் துணியைத் தானே சுற்றி, மகளிடம் கொடுக்காமல் தன் பையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.