டிரைவிங் மாஸ்டர் வாங்கி வந்த குங்குமப்பூ

அந்தப் பிஸ்கெட் கம்பெனியின் ஸ்டோர் ரூமுக்கு எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் ஸ்டோர் அக்காவின் கண்ணைத் தாண்டியாக வேண்டும். பதினேழு வருஷத்துக்கு முன் பேக்கிங்கில் வேலைக்குச் சேர்ந்தவள், இப்போது ஸ்டோர் முழுக்க அவள் பொறுப்பு. பாதாமில் ஒன்று பூச்சியடித்திருந்தால் மூட்டையை அவிழ்க்காமலே முகர்ந்து சொல்லிவிடுவாள். சப்ளையர்கள் அவளைப் பார்த்தாலே கைகட்டி நிற்பார்கள்.

வீட்டில் அப்படியில்லை. அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். வெள்ளை மனசு. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். கல்யாண நாளன்று அவர் ஒரு சின்ன டப்பாவை நீட்டினார்.

"குங்குமப்பூ. ஒரிஜினல். என்கிட்ட கார் கத்துக்கற பையன் இந்த வியாபாரம்தான் பண்றான்."

"நல்லதுதானான்னு பார்த்தீங்களா?"

"இண்டிகேட்டர் போடாம அவன் ஒரு தடவைகூடத் திரும்பினதில்ல. அவனா பொய் சொல்லுவான்?"

அவர் குளிக்கப் போனதும், தொழில் பழக்கம், அவள் கை சும்மா இருக்கவில்லை. வெள்ளைக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு நாலு இழை போட்டாள். போட்ட மாத்திரத்தில் தண்ணீர் சிவப்பு மை கொட்டியதுபோல் ஆனது. இழைகள் வெளுத்துப்போய், தலைமுதல் கால்வரை ஒரே பருமனில் மிதந்தன. மக்காச்சோளக் கதிரின் நார்! சாயத்தில் முக்கி எடுத்திருக்கிறான், படுபாவி.

குளியலறையிலிருந்து பாட்டு கேட்டது. போன வருஷம் குக்கர் கேஸ்கெட், அதற்கு முந்தின வருஷம் ஒன்றுமே இல்லை. இந்த மனுஷர் ரொம்ப நாளைக்கப்புறம் இப்போதுதான் பரிசு என்ற பேரில் ஒன்று வாங்கியிருக்கிறார். சொல்ல மனசு வரவில்லை. மறுநாளே நல்ல குங்குமப்பூவை வாங்கிவந்து அதே டப்பாவில் போட்டு வைத்தாள்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. ராத்திரி பாலில் பொன்னிறம் மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்து மாஸ்டர் பூரித்துப்போனார். அக்கம்பக்கத்தில் தம்பட்டம் அடித்தார். ஒரு வாரம் கழித்து, பிஸ்கெட்டில் போடும் குங்குமப்பூவைக் கம்பெனி அவனிடமே வாங்கட்டும் என்று, அந்தப் பையனை அரைக்கிலோ சரக்கோடு ஸ்டோர் ரூமுக்கே கூட்டிவந்துவிட்டார். முதலாளியம்மாவும் அங்கே இருந்தார்.

"மேடம், என் மிஸஸே யூஸ் பண்ணிப் பார்த்த ஐட்டம்," என்றார் மாஸ்டர். "வேணும்னா கேட்டுப் பாருங்க."

முதலாளியம்மா அவளைப் பார்த்தார். "அப்படியா அக்கா?"

ஸ்டோர் அக்கா கணவரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "வழக்கம்போல டெஸ்ட் பண்ணிடலாம் மேடம்."

இரண்டு கிண்ணங்கள் வைத்தாள். ஒன்றில் கம்பெனி சரக்கு, மற்றதில் பையனுடையது. பையனுடைய கிண்ணம் நொடியில் சிவந்தது.

"ஃப்ரெஷ் சரக்குக்கா. அதான் சீக்கிரம் கலர் விடுது," என்றான் பையன்.

"அவசரப்படாதீங்க," என்றாள் அவள். கால் மணி நேரம் எல்லோரும் கிண்ணத்தையே வெறித்தார்கள். கம்பெனி சரக்கின் தண்ணீர் தங்க மஞ்சளானது. இழை மட்டும் சிவப்பாகவே இருந்தது. அதன் ஒரு முனை குட்டி ஊதுகுழல்போல விரிந்திருந்தது. பையனுடைய நாரோ நரைத்த முடியாகக் கிடந்தது.

"இன்னொரு குவாலிட்டி இருக்கு!" என்று பையன் வேறொரு பொட்டலத்தைப் பிரித்தான். அவள் ஒன்றை நனைத்து விரலில் விரித்தாள். நுனியில் குட்டிக் குட்டி இதழ்கள்.

"இது எண்ணெய் எடுக்கற செடியோட குசும்பாப் பூ தம்பி. பேர்லயே குசும்பு இருக்கு."

முதலாளியம்மா சிரித்துவிட்டார். பையன் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு, செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டபடி ஓடினான். மாஸ்டர் மட்டும் அசையவில்லை.

"அப்ப நம்ம வீட்டு டப்பாவுல இருக்கறது?"

"அது நான் வாங்கி வச்சது."

வீட்டுக்கு வந்ததும் அவர் அந்த டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமோ என்று அவள் பயந்தாள். சோற்றில் கை வைத்தவர் திடீரென்று கேட்டார். "அப்ப முன்னாடி நான் வாங்கித் தந்த நீலப் புடவை?"

"கட்டறேனே. நல்ல புடவைங்க."

"சென்ட்டு பாட்டிலு?"

அவள் தயங்கினாள். "பாத்ரூம்ல தெளிச்சேன். கரப்பான் வர்றதில்ல."

மாஸ்டர் அவளை முறைத்தார். முறைத்தபடியே வயிறு குலுங்க ஆரம்பித்தது. புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏன்டி, அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன?"

"நீங்க பாட்டுப் பாடிட்டிருந்தீங்க."

அதற்கப்புறம் மாஸ்டர் அவளுக்கு எது வாங்கினாலும் கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டுதான் போகிறார். கடைக்காரர் சரக்கை எடுத்துக் காட்டியதும், "தண்ணி இருக்கா?" என்று முதல் ஆளாகக் கேட்பவர் அவர்தான். போன மாதம் குடைக் கடையிலும் கேட்டார்.