அணிலுக்கு விழுந்த நிழல்

எங்கள் ஊர் ஜவுளிக்கடையின் விளம்பரப் படத்தில், கிரிவலப் பாதைப் புளியமரத்தடியில் நிற்கும் பெண்ணிடம் ஒரு கார்ட்டூன் அணில் நடந்துவர வேண்டும். படம் பிடித்ததும், அணிலை வரைந்து வண்ணம் தீட்டியதும் என் நண்பன். பாதம் தரையில் பதியும் இடத்தைக் குறித்து, அங்கிருந்து நிழலை வரைவது என் வேலை. காலையில் எடுத்த காட்சியை பிரேம் பிரேமாக போட்டோ போட்டுக் கொடுத்தான். அதன்மேல் கண்ணாடித் தாள் வைத்து, மரநிழல் சாய்ந்திருந்த இடப்பக்கமே அணிலின் நிழலையும் சாய்த்தேன். இரண்டு மாத வேலை.

தியேட்டரில் போட்டுப் பார்த்தபோது மரநிழல் வலப்பக்கம் விழுந்தது. அதே இடத்தில் கேமராவை அசைக்காமல் சாயங்காலம் எடுத்ததை, காலைக் காட்சிக்குப் பதிலாக, எனக்குச் சொல்லாமல் சேர்த்திருந்தான்.

"இன்னாப்பா, அணிலுக்கு மட்டும் தனி சூரியனா?" என்றார் கடைக்காரர்.

"நிழல் இவரு போட்டதுங்க. நான் அப்பவே சொன்னேன்," என்றான் நண்பன்.

வெளியே வந்து கேட்டேன். "சாயங்காலம் எடுத்ததுல பொண்ணு சிரிப்பு நல்லா இருந்துச்சு. சொல்லியிருந்தா திரும்ப வரையணும்னு உக்காந்திருப்ப," என்றான்.

அணிலின் வலப்பக்கக் கன்னத்தில் அவன் தீட்டிய வெளிச்சமும் காலை வெயில்தான். அதைக் கடைக்காரர் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.