சிவப்பு வட்டத்துக்குள் ஒரு முகம்

காரைக்குடியில் துணிப்பை அச்சடித்த காலத்தில் எங்களிடம் இருந்த பெரிய மரச்சட்டம் ஒன்றே ஒன்றுதான். அதில் இழுத்துக் கட்டிய நைலான் வலையில் மருந்துப் பசை பூசி, படத்தாளை மேலே வைத்து வெயிலில் காட்டுவோம். வெயில் பட்ட பசை இறுகிவிடும். படத்தின் நிழலில் இருந்தது தண்ணீரில் கரைந்து, சாயம் இறங்க வழிவிடும். வேலை முடிந்ததும் ப்ளீச்சிங் பவுடர் போட்டு வலையைக் கழுவிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் சோம்பேறித் திலகம். இறந்துபோன ஒரு செட்டியாரின் நினைவுப் பைக்கு அவர் முகத்தை அடித்த சட்டத்தைக் கழுவாமல் மாதக்கணக்கில் கொல்லை வெயிலில் போட்டுவைத்திருந்தார்.

அதே செட்டியார் வீட்டு ஆச்சி, இறந்தவரின் மனைவி, மகள் கல்யாணத்துக்குப் பை கேட்டு வந்தார். தகப்பன் இறந்து வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று அவசரம். மஞ்சள் பையில் பெரிய சிவப்பு வட்டம். அதன் நடுவே குத்துவிளக்கு, சாயம் படாமல், துணியின் மஞ்சளிலேயே.

சட்டத்தைத் தேய்தேய் என்று தேய்த்துக் கழுவினோம். முதல் பையை அடித்துத் தூக்கிப் பார்த்தேன். சிவப்புக்குள் இன்னொரு சிவப்பு. மீசை, மூக்குக்கண்ணாடி, நெற்றி. அவரேதான். வலைக்கண்களில் பழைய பசை அரைகுறையாக அடைத்திருக்கிறது என்று தெரியும். தெரிந்தும், அவர் கண்கள் இருந்த பக்கம் முதுகைக் காட்டி நிற்க முடியவில்லை.

"ரப்பரை அழுத்தி இழுங்க" என்றேன். சாயத்தை இழுக்கும் ரப்பர்க் கட்டையை வீட்டுக்காரர் அழுத்தினார். முகம் மறைந்தது. ஆனால் சாயம் கசிந்து, விளக்கின் சுடர் மூழ்கிவிட்டது. மெல்ல இழுத்தால் சுடர் எரிந்தது, முகமும் வந்தது. புது வலை மதுரையிலிருந்து வர வேண்டும், கல்யாணமோ நெருங்கிவிட்டது.

சற்று நேரத்தில் ஆச்சியே பார்க்க வந்துவிட்டார். நல்ல காரியத்தில் செத்தவர் முகமா என்று ஊரைக் கூட்டிவிடுவார் என நடுங்கிப்போனேன். கொடியில் தொங்கிய இரண்டு பையையும் காட்டி, உள்ளதைச் சொன்னேன்.

ஆச்சி முகம் வந்த பையைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு அந்த முகத்தின் நெற்றியில் கை வைத்தார். சாயம் காயவில்லை, விரல் முழுக்கச் சிவப்பு ஒட்டியது. நான் தண்ணீர்ச் செம்பை எடுத்தேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"கல்யாணப் பையில விளக்கு அணைஞ்சிருக்கக் கூடாது. மெல்லவே அடிங்க."

"அப்ப முகம், ஆச்சி?"

"அவுக இருந்துட்டுப் போகட்டும்."

அத்தனை பையும் அப்படியே அடித்தோம். காய்ந்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக் கரி இஸ்திரிப் பெட்டியால் சூடு கொடுத்தேன். அந்தச் சூட்டில்தான் சாயம் துணியைப் பிடிக்கும். ஒவ்வொன்றையும் புரட்டும்போது பையிலிருந்து செட்டியார் என்னைப் பார்த்தார். பயத்தில் வேகமாகத் தேய்த்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நல்லாச் சூடு காட்டு ஆத்தா. தண்ணி பட்டதும் அவுக போயிறக் கூடாது."