கையில் எடுத்த வால்வு

ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர் அவள். வாய்ச்சண்டை வராது. மேனேஜர் குரலை உயர்த்தினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேனா எடுத்தால் மட்டும் விடமாட்டாள். "கடைக்குச் சீட்டு எழுதினாக்கூட காரணம் எழுதுவா" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

இந்த முறை கிண்டலுக்கு இடமில்லை. கன்ட்ரோல் ரூமில் நீராவியால் சூடேறும் கலனைக் கவனிக்கும் ஆபரேட்டர் அண்ணனின் வேலைக்கே ஆபத்து. அனுமதியில்லாமல் வெப்பநிலையைத் தானாகச் சரிசெய்யும் லூப்பை ஆட்டோவிலிருந்து எடுத்து, நீராவி வால்வைக் கையால் ஓட்டினார் என்று மேனேஜர் விளக்கம் கேட்டிருந்தார். இன்று மாலைக்குள் பதில் வேண்டும். பதில் சரியில்லையென்றால் வீட்டுக்கு.

அவர் வாயே திறக்கவில்லை. அவள்தான் கடிதம் எழுதினாள்.

"புது வால்வும் பழைய வால்வும் ஒரே குழாய் அளவுதான். ஆனால் அதே அளவு திறந்தால் இரு மடங்கு நீராவி போகிறது. கன்ட்ரோலர் இன்னும் பழைய வால்வை நினைத்தே உத்தரவு போடுகிறது. எனவே ஒவ்வொரு திருத்தமும் இரு மடங்காகி வெப்பநிலை ஊசலாடுகிறது. புது வால்வுக்கேற்ப கன்ட்ரோலரை மறுபடி ட்யூன் செய்யாமல் ஆட்டோவில் விடக் கூடாது. ஆபரேட்டர் கையில் எடுத்ததால்தான் பிளான்ட் ஓடுகிறது."

மேனேஜர் கடிதத்தோடு கன்ட்ரோல் ரூமுக்கே வந்துவிட்டார். திரையில் வெப்பநிலைக் கோடு நேராக ஓடியது.

"எங்கம்மா ஆடுது? கோடு போட்ட மாதிரி இருக்கே!"

"அண்ணன் கைல வெச்சிருக்கார், அதான் சார்."

"வால்வு மாத்தினா உடனே ட்யூனிங்கா? ஆட்டோல போடுங்க."

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு பொத்தானை அழுத்தினார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மேனேஜர் சிரிக்கக்கூடத் தொடங்கினார். அப்போது பக்கத்து யூனிட் நீராவி எடுத்தது. வெப்பநிலை சற்றே இறங்கியது. வால்வு படாரென்று திறந்தது. கோடு ஏறியது, வால்வு மூடியது, கோடு முன்னைவிடக் கீழே விழுந்தது. அடுத்த ஏற்றம் இன்னும் உயரம். அலாரம் கத்தியது. அண்ணனின் கை பொத்தானுக்கு மேலே நின்றது, ஆனால் தொடவில்லை. அனுமதியில்லாமல் எடுத்ததற்குத்தானே விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

"பிளான்ட் ட்ரிப் ஆகி நின்னுடும் சார்!" அவள் குரல் அவளுக்கே புதிதாக ஒலித்தது.

"என்னய்யா பாத்துட்டு நிக்கிற! கைல எடு, சீக்கிரம் கைல எடு!" மேனேஜர் அலறினார்.

அண்ணன் எடுத்தார். மெல்ல மெல்ல கோடு படிந்தது. அலாரம் ஓய்ந்தது. மூவரும் மூச்சு விட்டார்கள்.

அப்புறம்தான் அண்ணன் திரும்பினார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"சார், இப்ப கைல எடுத்ததுக்கும் விளக்கம் எழுதணுமா?"

மேனேஜரின் முகம் கன்றிப்போனது. கடிதத்தின் ஓரத்தில் 'ட்யூன் செய்யவும்' என்று கிறுக்கி அவளிடம் நீட்டினார். கூடவே தன் பையிலிருந்த, அண்ணனிடம் விளக்கம் கேட்ட கடிதத்தின் நகலையும்.

"இதை நீயே கிழிச்சிடும்மா."

அவள் கிழித்தாள். 'ட்யூன் செய்யவும்' என்ற தாளை மட்டும் மடித்து வைத்துக்கொண்டாள்.