படத்தைப் பாருங்கள்

மட்டாஞ்சேரி பஜாரில் சுக்குக் கடை வைத்திருக்கும் ரயீஸுக்கு முப்பது வயதில் பார்வை போனது. வாய் மட்டும் போகவில்லை. சரக்கையும் ஆளையும் வாய்க்கு வந்தபடி திட்டுவார். அவர் மரியாதை வைத்திருந்தது ஒரே ஒரு ஆளிடம்தான். பணம் அனுப்பும் செயலிக்குள் இருந்து பதில் சொல்லும் வங்கி சாட்பாட் அது. எழுத்தில் வந்ததையெல்லாம் போன் அவர் காதில் படித்துச் சொல்லும். இன்னாருக்கு, இத்தனை ரூபாய், சரியா. அவ்வளவுதான் பேச்சு.

அந்த வசதியில்தான் மாதாமாதம் அக்கா ரஃபீனாவுக்கு வாடகைப் பணம் போனது. வீட்டுப் பங்கு கேட்டு வழக்குப் போட்டவள் அவள். அவளுக்குச் சல்லிக்காசு கொடுக்கக் கூடாது என்று மனைவி சுல்ஃபத் சத்தியமே வாங்கியிருந்தாள். அக்கா கேட்டதில் தப்பில்லை என்று ரயீஸுக்குத் தெரியும். அதை வீட்டில் சொல்லத் தைரியம் கிடையாது.

போன வாரம் செயலியைப் புதுசாக்கினார்கள். அழகாக இருக்க வேண்டுமென்று எழுத்தைப் படமாக்கிவிட்டார்கள்; படத்துக்குள் இருப்பதைப் போனுக்குப் படிக்கத் தெரியாது. அக்கா தந்த புது வங்கிக் கணக்குக்கு அனுப்பப்போனபோது காதில் கேட்டது இது: "படம். பொத்தான். பொத்தான்."

ஏதோ எச்சரிக்கை என்று ஊகித்தார். "என்ன எழுதியிருக்கு? எத்தனை ரூபா?" என்று போனிடம் கேட்டார்.

"மேலே உள்ள படத்தைப் பாருங்கள். சிரிக்கும் முகம்" என்றது. கடைசியில் ஒட்டியிருந்த எமோஜியையும் போன் விடாமல் வாசித்தது.

"பாக்க முடிஞ்சா உன்கிட்ட ஏன்டா கேக்கணும்?" என்றார். படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற மடையன் அல்ல அவர். தெரியாமல் ரகசிய எண்ணை அடிக்க மாட்டார். ஆனால் வாடகை வசூலிக்கிறவன் மாலையில் அக்கா வாசலில் வந்து நிற்பான். அக்காவோ போனை எடுக்கவில்லை. சுமை தூக்குகிறவர்களுக்கு மலையாளம்தான் படிக்கத் தெரியும். பக்கத்தில் எவனும் எட்டிப் பார்த்து வாசிக்கக் கூடாதென்றுதான் செயலியைத் தமிழில் வைத்திருந்தார். கடையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் கடைக் கூட்டாளி ஷமீல் ஒருவன். சுல்ஃபத்தின் தம்பி; அவளை லாத்தா என்று கூப்பிடுகிறவன்.

வேறு வழியில்லாமல் நீட்டினார். "மெள்ளப் படி."

மெள்ளப் படிப்பது ஷமீலின் குடும்பத்திலேயே கிடையாது. "இந்தக் கணக்குக்கு முதல் முறையாக அனுப்புகிறீர்கள். பெயரைச் சரிபார்க்கவும். ரஃபீனா. ஐயாயிரம் ரூபாய்." பிறகு சற்று நிறுத்தி, "லாத்தாக்கு இது அறியுமோ மச்சான்?" என்றான்.

ரயீஸ் போனைப் பிடுங்கிக்கொண்டார். பெயர் சரி, தொகையும் சரி. பணத்தை அனுப்பினார். ஷமீல் தன் போனோடு வாசல் பக்கம் போனான். "லாத்தா, ஒரு காரியம் கேளு" என்று அவன் ஆரம்பிப்பது ரயீஸுக்குக் கேட்டது.

"உன்னால என் வீட்டு ரகசியம் நாறிப்போச்சு. பார்வையில்லாதவனுக்குப் படம் காட்டுற நீ ஒரு பேங்கா?" என்று சாட்பாட்டிடம் கத்தினார்.

இந்த முறை படம் எதுவும் இல்லை. ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் காதில் விழுந்தது: "உங்கள் ரகசியம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது."