பூசத்துக்கு அறுத்த ஒரு பிடி கதிர்

இப்ப நினைச்சாலும் எனக்குப் பத்திக்கொண்டுதான் வருது.

தொண்டைமானாற்றுப் பக்கம் எங்களுக்கு மழையை நம்பின வயல். வெள்ளம் அடிச்சாலும் மழை பொய்ச்சாலும் நட்டத்துக்குக் காசு வருமெண்டு பயிர்க் காப்புறுதிக் கந்தோர்க்காரர் வந்து சொல்ல, என்ரை மனுசன் சேர்ந்தார். பிரிமியத்திலை ஒரு பங்கு நாங்கள் கட்டினம், மிச்சம் அரசாங்கம். அந்தப் போகம் மார்கழியோடை மழை நிண்டுபோச்சு. தள்ளின கதிரெல்லாம் மணியில்லாத சப்பி. மனுசன் உடனை கந்தோருக்கு அறிவிச்சார். "நாங்கள் வந்து பாக்குமட்டும் பயிரிலை கை வைக்கப்படாது" எண்டிச்சினம். மாடு பசியிலை கத்தக் கத்த வைக்கோலுக்குக்கூட நாங்கள் அறுக்கேல்லை. அந்தக் காசு வராட்டி உழவு மாட்டுச் சோடியை வித்துத்தான் அடுத்த விதைப்பு.

பாக்க ஒருத்தரும் வரேல்லை. தைப்பூசம் வந்திட்டுது. பூசத்துக்குப் புதிர் எடுக்காத வீடு எங்கடை ஊரிலை உண்டோ? புது நெல்லிலை கொஞ்சமாவது சமைச்சுச் சாமிக்கு வைக்கவேணும். குளத்தடி மூலையிலை ஈரம் நிண்டதாலை நாலு கதிரிலை மணி பிடிச்சிருந்தது. அதிலை ஒரு பிடி அறுத்து, குத்தி, பழைய அரிசியோடை கலந்து பொங்கினன்.

அடுத்த நாள் வந்து நிக்கிறார் உத்தியோகத்தர்! வயலிலை நாலைஞ்சு இடத்திலை சதுரம் கட்டி அறுத்து, அடிச்சு, நிறுத்துப் பாக்கவேணும். எங்கடை பகுதிக்கு இவ்வளவு விளையுமெண்டு ஒரு அளவு வைச்சிருக்கினம். அதிலை குறையிறதுக்குத்தான் காசு. கயிறும் தராசும் கொண்டுதான் வந்தவர். ஆனா கயிறை அவிழ்க்கவேயில்லை. மூலையிலை அறுத்த அடிக்கட்டையைக் கண்டிட்டார்.

"அறுவடை துவங்கீட்டியள். பார்வைக்கு முதல் அறுத்தா மதிப்பீடு இல்லை அக்கா."

"தம்பி, அது புதிர். உங்கடை வீட்டிலை எடுக்கேல்லையோ?"

"எடுத்ததுதான். எங்கடை வயல் காப்புறுதியிலை இல்லை."

எனக்கு வந்த கோவம்! பக்கத்திலை ஒரு கதிரை உருவி, அவரின்ரை உள்ளங்கையிலை வைச்சுக் கசக்கி ஊதினன். எல்லாம் பறந்துபோச்சு.

"கண் இருந்தாப் பாரும். ஒரு பிடிக்காக முழு வயலையும் விளைஞ்சதெண்டு எழுதப் போறீரோ? நெஞ்சிலை ஈரம் இல்லையோ?"

அவர் கையைத் தட்டித் துடைச்சார். "சட்டம் அப்பிடி அக்கா, நான் என்ன செய்ய?" எண்டிட்டுச் சைக்கிளிலை ஏறிப் போட்டார். மேலிடத்துக்கு முறையிட்டம்; அங்கையும் அதே கதைதான். சித்திரையிலை மாடு ரெண்டையும் வித்தம். கொண்டுபோக வந்தவனுக்கு முன்னாலை நான் குழறி அழுதன், வெக்கமில்லை.

ஆவணியிலை அதே கந்தோர்க்காரர் பிரிமியம் கேட்டு வந்தினம். விளக்குமாறு எடுக்க நான் உள்ளை போனன். திரும்பி வந்தா, என்ரை மனுசன் மடியை அவிழ்த்துக் காசை எண்ணிக் குடுக்கிறார்.

"உங்களுக்கென்ன விசரே? இவங்களுக்கோ திருப்பியும்?" எண்டு கத்தினன்.

மனுசன் என்னை நிமிர்ந்து பாக்கேல்லை. "பேசாமல் இரும். இந்த முறையும் மழை பொய்ச்சா விக்கிறதுக்கு எங்களிட்டை மாடு இல்லை" எண்டார்.