பில்லில் இருந்த கமா

சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்த என் கணவரின் ஆபரேஷன் பில்லை மகள் படமெடுத்து அனுப்பினாள். ஃபிஜியில், பா என்ற ஊரில் உள்ள எங்கள் தமிழர் சங்கத்தில் உதவி கேட்டு, படத்திலிருந்தபடியே 18,45,600 ரூபாய் என்று விண்ணப்பத்தில் எழுதினேன்.

“கமா போடக்கூடத் தெரியலையா?” செயலாளர் எல்லார் முன்னாலும் சிரித்தார். நான் எழுதியதை அடித்துவிட்டு 1,845,600 என்று எழுதினார்.

“இந்தியாவுல லட்சத்துக்கு அப்படித்தாங்க போடுவாங்க.”

“இது ஃபிஜி, தங்கச்சி.”

பில்லோடு ஒத்துப்போகவில்லை, திருத்தல் இருக்கிறது என்று தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பியது. வாரங்கள் ஓடின.

செயலாளர் புது விண்ணப்பத்தை என்னிடம் தள்ளினார். “பில்லுல இருக்கிறபடியே எழுதணும்னு தெரியாதா?”

மறுபடி எழுதினேன். படத்தோடு வைத்து ஒவ்வொரு கமாவாகப் பார்த்தார்.

“இப்ப சரி. வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?”

“முந்தாநாள் எரிச்சாங்க. சாம்பலா இருக்காரு.”